டிடி தொலைந்தால், டெபாசிட் ரசீது காணாமல் போனால்: வங்கிக்கு எழுதித் தரும் ஈட்டுறுதிக் கடிதம்

டிடி தொலைந்துவிட்டது என்று வங்கிக்குப் போனால், கவுன்ட்டரில் இருப்பவர் ஓர் அச்சிட்ட படிவத்தை நீட்டி, "இண்டெம்னிட்டி கொடுங்க, டூப்ளிகேட் தர்றோம்" என்பார். பெரும்பாலும் அது ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருக்கும். பதற்றத்தில் வந்தவர் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவார். கூட வந்த மைத்துனரும் சாட்சி என்று நினைத்து ஒரு கையெழுத்துப் போடுவார். அவர் போட்டது சாட்சிக் கையெழுத்து அல்ல, ஜாமீன் கையெழுத்து என்பது பிறகுதான் தெரியவரும். வங்கிக் கிளைகளில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில், அந்தக் கடிதத்தில் என்ன எழுதுகிறோம், எதற்குப் பொறுப்பேற்கிறோம் என்பதை இங்கே விளக்குகிறேன்.

வங்கி ஏன் இதைக் கேட்கிறது?

காசோலை நம் கட்டளை. வேண்டாம் என்றால் வங்கிக்கு எழுதிக் கொடுத்து நிறுத்திவிடலாம். டிடி அப்படி அல்ல. நம்மிடம் பணத்தை முன்னதாகவே வாங்கிக்கொண்டு, 'இவருக்கு இவ்வளவு தருவோம்' என்று வங்கி தானே எழுதிக் கொடுத்த வாக்கு அது. உரிமையுள்ளவர் அசலைக் கொண்டுவந்து நீட்டினால் வங்கி பணம் தந்தாக வேண்டும். டூப்ளிகேட் கொடுத்த பிறகு அசலும் வந்து சேர்ந்தால் ஒரே தொகையை வங்கி இரண்டு முறை கொடுக்க நேரலாம். அந்த இரண்டாவது தொகையை நான் ஈடுகட்டுகிறேன் என்று நாம் எழுதித் தருவதுதான் ஈட்டுறுதி.

இதற்குச் சட்ட அடிப்படையும் உண்டு. ஒருவர் மற்றவருக்கு நேரும் இழப்பிலிருந்து அவரைக் காப்பதாக வாக்களிக்கும் ஒப்பந்தத்தை 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 124-ஆம் பிரிவில் சொல்கிறது. தொலைந்துபோன உண்டியலுக்கு மாற்று கேட்பவரிடம் இப்படிப்பட்ட பிணையம் கேட்கலாம் என்பதை 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 45-ஏ பிரிவில் ஏற்கிறது. ஆகவே வங்கி இதைக் கேட்பதில் தவறில்லை. எந்த அளவுக்குப் பொறுப்பேற்கிறோம் என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

ஒரு டிடியின் கதை

கும்பகோணம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா. மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காக 2024 ஜூன் 3-ஆம் தேதி 48,500 ரூபாய்க்குக் கல்லூரியின் பெயரில் டிடி எடுத்தார். ஜூன் 7-ஆம் தேதி திருச்சிக்குப் பேருந்தில் போகும்போது பையோடு தொலைந்தது. அடுத்த இரண்டு நாள் சனி, ஞாயிறு. திங்கட்கிழமை ஜூன் 10-ஆம் தேதி, டிடி எடுத்த கிளைக்கே போனார்.

அவர் கையில் கவுன்ட்டர்ஃபாயில் இருந்தது. அதில் டிடி எண், தேதி, தொகை, யார் பெயருக்கு, எந்த ஊரில் செல்லும் என்ற ஐந்து விவரங்களும் இருந்தன. அதுவும் தொலைந்திருந்தால் கவலை வேண்டாம். பாஸ்புக்கில் பணம் எடுக்கப்பட்ட தேதியைக் காட்டினால் கிளையில் எண்ணைத் தேடித் தருவார்கள்.

அன்றே அவர் செய்த முக்கியமான வேலை, 'டிடி தொலைந்துவிட்டது, எச்சரிக்கையாகக் குறித்துக்கொள்ளுங்கள்' என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்து, அதன் பிரதியில் தேதியுடன் கிளையின் முத்திரை வாங்கிக்கொண்டதுதான். ஈட்டுறுதிப் பத்திரம் தயாராக இரண்டு நாள் ஆகலாம். ஆனால் வங்கிக்கான கெடு நம் வேண்டுகோள் போய்ச் சேர்ந்த தேதியிலிருந்து எண்ணப்படுகிறது. அதற்குச் சான்று அந்த முத்திரைதான்.

டிடி எடுத்தவரோ, அது யார் பெயருக்கு எடுக்கப்பட்டதோ அவரோ கேட்டால் பதினான்கு நாளுக்குள் டூப்ளிகேட் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தாமதமானால், தாமதமான காலத்துக்குரிய டெபாசிட் வட்டியைத் தர வேண்டும். இந்த அம்மாவுக்கு ஜூன் 24-க்குள் கிடைத்திருக்க வேண்டும். ஜூலை 4-ஆம் தேதிதான் கிடைத்தது என்றும், அந்தக் காலத்துக்கான டெபாசிட் வட்டி ஆண்டுக்கு 3.5 சதவீதம் என்றும் வைத்துக்கொண்டால், பத்து நாளுக்குச் சுமார் 46 ரூபாய் 50 காசு வரும். தொகை சிறியது. ஆனால் இந்த விதியைக் குறிப்பிட்டு ஒரு வரி எழுதினால் கிடப்பில் கிடக்கும் காகிதம் நகரும். டிடி 5,000 ரூபாய் வரை என்றால், பணம் தரவேண்டிய கிளையிலிருந்து 'இன்னும் கொடுக்கப்படவில்லை' என்ற தகவலுக்குக் காத்திருக்காமல், ஈட்டுறுதியை மட்டும் வாங்கிக்கொண்டு டூப்ளிகேட் தர வேண்டும்.

கட்டணம் செலுத்தக் கடைசி நாள் நெருங்கியிருந்தால் டூப்ளிகேட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். கல்லூரி ஏற்றுக்கொண்டால் வேறு வழியில் பணத்தைக் கட்டிவிட்டு, தொலைந்த டிடியை ரத்து செய்து தொகையைக் கணக்கில் வரவு வைக்கும்படி கேளுங்கள். அதற்கும் இதே ஈட்டுறுதிதான். 'டூப்ளிகேட் வழங்குதல்' என்று வரும் இடங்களில் 'ரத்து செய்து தொகையைத் திருப்பித் தருதல்' என்று எழுத வேண்டும். ஒரு நிபந்தனை உண்டு. டிடி கல்லூரியின் கைக்குப் போன பிறகு தொலைந்திருந்தால், எடுத்தவர் தனியாக ரத்து கேட்க முடியாது. கல்லூரியின் சம்மதக் கடிதமும் வேண்டும். தபாலில் தொலைந்திருந்தால், 'எங்களுக்கு வந்து சேரவில்லை' என்ற கடிதத்தை அவர்களிடமிருந்து வாங்குங்கள்.

வழக்கமான வாசகம்

வங்கி தன் படிவத்தையே கேட்டால் அதையே நிரப்புங்கள். படிவம் இல்லையென்றால் கீழுள்ளபடி எழுதலாம். எந்த வங்கிப் படிவத்தின் சாரமும் ஏறத்தாழ இதுதான்.

*பெறுநர்: கிளை மேலாளர், ________ வங்கி, ________ கிளை.*

*பொருள்: தொலைந்த டிடி எண் ________, தேதி 03.06.2024, ரூ.48,500 (நாற்பத்து எட்டாயிரத்து ஐந்நூறு மட்டும்), ________ கல்லூரியின் பெயருக்கு, ________ ஊரில் செல்லத்தக்கது. டூப்ளிகேட் கோரி ஈட்டுறுதி அளித்தல்.*

*1. மேற்கண்ட டிடியை எனது சேமிப்புக் கணக்கு எண் ________ மூலம் பணம் செலுத்தி உங்கள் கிளையில் பெற்றேன்.*

*2. அந்த டிடி 07.06.2024 அன்று கும்பகோணத்திலிருந்து திருச்சிக்குப் பேருந்தில் செல்லும்போது தொலைந்துவிட்டது. இயன்றவரை தேடியும் கிடைக்கவில்லை.*

*3. அந்த டிடியை நான் எவருக்கும் மேலெழுதிக் கொடுக்கவோ, விற்கவோ, அடகு வைக்கவோ இல்லை. அதற்குரிய தொகையை நானோ என் சார்பில் வேறு எவருமோ பெறவில்லை.*

*4. என் வேண்டுகோளை ஏற்று, அசலைத் திரும்பப் பெறாமலே வங்கி டூப்ளிகேட் டிடி வழங்க இசைவதற்குக் கைமாறாக, அவ்வாறு வழங்கியதன் காரணமாக வங்கிக்கு ஏற்படும் கோரிக்கைகள், வழக்குகள், இழப்புகள், செலவுகள் அனைத்தையும் வங்கி கேட்டவுடன் ஈடுசெய்வேன் என்றும், என் வாரிசுகளையும் இது கட்டுப்படுத்தும் என்றும் உறுதி கூறுகிறேன்.*

*5. அசல் டிடி பின்னர் கிடைத்தால் அதைப் பயன்படுத்தாமல் உடனே வங்கியிடம் ஒப்படைப்பேன்.*

*6. இந்த ஈட்டுறுதி மேற்கண்ட ஒரு டிடிக்கும், அதன் தொகை, வட்டி, நியாயமான செலவு ஆகியவற்றுக்கும் மட்டுமே உரியது.*

*இடம், தேதி, கையெழுத்து, முழு முகவரி.*

வங்கி ஜாமீன்தாரரைக் கேட்டால் இந்த வரியைச் சேர்ப்பார்கள்: *'மேற்கண்ட கடமைகளுக்கு, டிடி எடுத்தவரோடு கூட்டாகவும் தனித்தனியாகவும் நானும் பொறுப்பாவேன்.'*

வரிக்கு வரி என்ன பொருள்?

முதல் வரி, கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது என்று காட்டுகிறது. இரண்டாவது வரி எப்படித் தொலைந்தது என்ற உண்மை. எங்கே தொலைந்தது என்று தெரியாவிட்டால் 'வீட்டில் வைத்த இடம் தெரியவில்லை' என்றே எழுதுங்கள். கதை ஜோடிக்க வேண்டாம். பிறகு அசல் வேறு விதமாக வெளிப்பட்டால் பொய் சொன்னவர் என்ற பழி வந்து சேரும்.

மூன்றாவது வரிதான் இந்தக் கடிதத்தின் உயிர். டிடியின் பின்புறம் கையெழுத்திட்டு வேறு ஒருவருக்கு மாற்றிக் கொடுத்திருந்தால், அசலைக் கொண்டுவருபவருக்கு உண்மையான உரிமை இருக்கக்கூடும். அப்படிச் செய்யவில்லை என்று சொல்லித்தான் டூப்ளிகேட் வாங்குகிறோம். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள டிடிகளில் 'கணக்கில் மட்டும் வரவு வைக்கவும்' என்று பொருள்படும் குறுக்குக்கோடு கட்டாயம். இந்த அம்மாவின் டிடி 48,500 ரூபாய்க்கானது. எனவே கண்டெடுத்தவர் அதைப் பணமாக்குவது எளிதல்ல. கல்லூரியின் கணக்கில்தான் அது போய்ச் சேர முடியும்.

நான்காவது வரி பொறுப்பு. இதற்கு முடிவுத் தேதி கிடையாது. டிடிக்கு எழுதிய தேதியிலிருந்து மூன்று மாதம்தான் ஆயுள். 2012 ஏப்ரல் முதல் இதுதான் நடைமுறை. நம் டிடி செப்டம்பர் தொடக்கத்தோடு காலாவதியாகிவிடும். அதன் பிறகு யாராவது அசலோடு வந்தாலும், வங்கி புதுப்பித்துக் கொடுத்தால்தான் செல்லும். டூப்ளிகேட் போய்விட்டது என்று வங்கியின் கணினியிலும் பதிவாகியிருக்கும். ஆபத்து நாளுக்கு நாள் சுருங்குகிறது. ஆனாலும் காகிதத்தில் கடமை நிற்கும்.

ஆறாவது வரி பல அச்சிட்ட படிவங்களில் இருக்காது. அதற்குப் பதிலாக, 'வங்கிக்கு என்னால் வரவேண்டிய எந்தத் தொகைக்கும்' என்பது போன்ற விரிந்த சொற்கள் இருக்கலாம். என் எந்தக் கணக்கிலிருந்தும் வங்கி எடுத்துக்கொள்ளலாம் என்ற அனுமதியும் இருக்கலாம். அனுமதி கொடுப்பதில் பெரிய குறை இல்லை. ஆனால் அது இந்த ஒரு டிடியின் தொகை, வட்டி, செலவு என்ற எல்லைக்குள் நிற்க வேண்டும். அப்படி ஒரு வரி கையால் எழுதிச் சேர்த்து, பக்கத்தில் கையெழுத்துப் போடலாமா என்று மேலாளரிடம் கேளுங்கள்.

ஜாமீன்தாரர் விஷயத்தில் ஒளிவுமறைவு கூடாது. 'கூட்டாகவும் தனித்தனியாகவும்' என்றால், வங்கி முழுத் தொகையையும் இருவரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். முதலில் உங்களிடம் கேட்டுவிட்டுத்தான் அவரிடம் போக வேண்டும் என்பதில்லை. மைத்துனரை அழைத்துப் போகும் முன் இதை அவரிடம் சொல்லுங்கள். தொகை சிறியதாக இருந்து, உங்களுக்கு அதே கிளையில் பழைய கணக்கும் இருந்தால், ஜாமீன் இல்லாமல் ஏற்க முடியுமா என்று முதலிலேயே கேட்டுப் பார்க்கலாம். ஏற்பவர்கள் உண்டு.

டெபாசிட் ரசீது வேறு கதை

நம் வீடுகளில் 'எஃப்டி பாண்டு' என்று சொல்லும் காகிதம் உண்மையில் பத்திரம் அல்ல, ரசீது. கைமாற்றிக் கொடுத்தால் உரிமை மாறும் ஆவணம் அல்ல அது. பணம் வங்கியின் கணக்கில், உங்கள் பெயரில் இருக்கிறது. ரசீதைக் கண்டெடுத்தவரால் அதை வைத்துப் பணம் பெற முடியாது. ஆகவே டிடி தொலைந்ததைவிட இது சிறிய சங்கடம்தான்.

அப்படியிருந்தும் வங்கி ஈட்டுறுதி கேட்பதற்குக் காரணம் ஒன்று உண்டு. ரசீது எங்காவது ஈடாகக் கிடக்கலாம். அதே வங்கியில் கடன் வாங்கியிருந்தால் அது வங்கியின் கணக்கிலேயே குறிக்கப்பட்டிருக்கும். ஆனால் ஒப்பந்தப் பணிக்காக அரசு அலுவலகத்தில் முன்வைப்பாகக் கொடுத்தது, நீதிமன்றத்தில் பிணையமாகக் கொடுத்தது ஆகியவை வீட்டில் மறந்துபோகும். தொலைந்துவிட்டதாக வந்த ரசீது, பல வருடத்துக்கு முன் தந்தையார் ஓர் அலுவலகத்தில் ஒப்படைத்த ரசீதாக இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்த நிலையில் 'எங்கும் ஈடு வைக்கவில்லை' என்று கையெழுத்திட்டால் அது பொய் உறுதிமொழி. எனவே எழுதும் முன் பழைய கோப்புகளைப் பாருங்கள். ரசீதின் மேல் ஏதாவது பிடிமானம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று வங்கியிலும் கேளுங்கள்.

கடிதத்தில் மாற்ற வேண்டியவை சில. பொருள் வரியில் டெபாசிட் கணக்கு எண், ரசீது எண், தொகை, தொடங்கிய தேதி, முதிர்வுத் தேதி, எல்லா டெபாசிட்தாரர்களின் பெயர்கள் ஆகியவற்றை எழுதுங்கள். மூன்றாவது வரிக்குப் பதில் இது:

*'அந்த ரசீதை எவருக்கும் மாற்றிக் கொடுக்கவோ, எந்த வங்கியிலோ அலுவலகத்திலோ நீதிமன்றத்திலோ ஈடாகவோ முன்வைப்பாகவோ ஒப்படைக்கவோ, பணம் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டு எவரிடமும் தரவோ இல்லை. டூப்ளிகேட் ரசீது வழங்கினால் அசல் ரசீது செல்லாததாகும் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.'*

நான்காவது வரியில் 'டூப்ளிகேட் டிடி' என்பதை 'டூப்ளிகேட் ரசீது வழங்குதல் அல்லது ரசீதின்றி முதிர்வுத் தொகையைத் தருதல்' என்று மாற்றுங்கள்.

இரண்டு விஷயம் இங்கே கவனிக்க வேண்டும். கணவன் மனைவி பெயரில் டெபாசிட் இருந்து, 'இருவரில் ஒருவர் எடுக்கலாம்' என்று ஏற்பாடு இருந்தாலும், ஈட்டுறுதியில் இருவரும் கையெழுத்திடும்படி வங்கி கேட்கும். ஒருவர் வெளியூரில் இருந்தால் முன்னதாகவே திட்டமிடுங்கள். அடுத்தது, முதிர்வுக்கு இன்னும் ஓரிரு வாரம்தான் இருக்கிறது என்றால் டூப்ளிகேட் ரசீதே தேவையில்லை. ரசீது தொலைந்ததாக அறிவித்து, பணத்தை நேராகச் சேமிப்புக் கணக்கில் வரவு வைக்கச் சொல்லுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள டெபாசிட்டை வருமான வரிச் சட்டப்படி ரொக்கமாகத் தரக்கூடாது. கணக்கில்தான் போகும். அதுவே உங்களுக்கும் பாதுகாப்பு. இணைய வழியில் போட்ட டெபாசிட்டுக்கு ரசீதை மீண்டும் அச்செடுத்துக்கொள்ளலாம். அதற்கு ஈட்டுறுதி எழுதும் தேவையே வராது.

முத்திரைத்தாளில் நடக்கும் தவறுகள்

ஈட்டுறுதிப் பத்திரத்துக்கான முத்திரைக் கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும், அவ்வப்போது மாறவும் செய்யும். எவ்வளவு மதிப்புள்ள தாள் என்று கிளையில் கேட்டு, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு முத்திரைத்தாள் விற்பவரிடம் போங்கள். தாளை உங்கள் பெயரிலோ வங்கியின் பெயரிலோ வாங்குங்கள். முதலில் வெள்ளைத்தாளில் கையெழுத்திட்டு, முத்திரைத்தாளைப் பிறகு இணைப்பது தவறு. கையெழுத்துக்கு முன்போ கையெழுத்தின்போதோ முத்திரை இருக்க வேண்டும்.

'ஆறு மாதத்துக்கு முந்தைய தாள், செல்லாது' என்று சில இடங்களில் சொல்வார்கள். ஆறு மாதக் கெடு, பயன்படுத்தாத தாளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறுவதற்குத்தான். பழைய தாளில் எழுதினாலும் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் திருவேங்கடம் பிள்ளை வழக்கில் தெளிவுபடுத்தியிருக்கிறது. அதற்காகக் கவுன்ட்டரில் வாதாடி ஒரு வாரத்தை இழப்பதைவிடப் புதுத்தாள் வாங்குவது லாபம்.

எழுத்துப் பிழையால்தான் அதிகக் கடிதங்கள் திரும்புகின்றன. டிடி எண்ணில் ஒரு இலக்கம் மாறினால் நீங்கள் வேறொரு டிடிக்கு உறுதி கொடுத்தவர் ஆவீர்கள். தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுங்கள். அச்சிட்ட படிவத்தில் நிரப்பாத இடங்களைக் கோடு போட்டு அடையுங்கள். எண்ணும் தொகையும் வெற்றிடமாக இருக்கும் படிவத்தில், 'நாங்க நிரப்பிக்கிறோம்' என்று யார் சொன்னாலும் கையெழுத்திட வேண்டாம்.

கொடுத்த பிறகு

கையெழுத்திட்ட ஈட்டுறுதியின் பிரதி ஒன்றை, வங்கி பெற்றுக்கொண்ட முத்திரையுடன், உங்கள் கோப்பில் வையுங்கள். எல்லாம் கொடுத்தும் வேலை நடக்காவிட்டால் வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். அப்போது உதவுவது முதல் நாள் முத்திரை வாங்கிய அந்தப் பிரதிதான்.

பீரோவின் அடியிலோ பழைய பையிலோ அசல் ஒருநாள் கிடைத்தால் கிழித்துப் போடாதீர்கள், யாரிடமும் கொடுக்கவும் வேண்டாம். நேரே கிளைக்குப் போய், 'அசல் பெறப்பட்டது' என்று எழுதி வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். நீங்கள் கொடுத்த ஈட்டுறுதிப் பத்திரத்தை ரத்து என்று குறித்துத் திருப்பித் தரும்படி அப்போதே கேளுங்கள். ஜாமீன் போட்டவரிடமும் அதைக் காட்டிவிடுங்கள்.